கொடைக்கானல் வரும் ஈப்போ குழுவுக்கு: பணம் பற்றி

எல்லோருக்கும் வணக்கம். என்ன பணம் கொண்டு வரணும், எங்கே மாத்தணும் என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள்.

ரிங்கிட்டாகவே கொண்டு வாருங்கள். அங்கே டாலர் வாங்கி இங்கே ரூபாயாக மாற்றினால் இரண்டு முறை கமிஷன் போகும், தேவையே இல்லை. திருச்சியில் மலேசியாக்காரர்கள் வந்து போகாத நாள் கிடையாது, ரிங்கிட்டை எல்லா மாற்றுக் கடையிலும் எடுப்பார்கள். நோட்டு கிழியாமல், கிறுக்கல் இல்லாமல் இருக்கட்டும். சில்லறைக் காசை இங்கே மாற்ற முடியாது.

வீட்டில் பழைய இந்திய நோட்டு இருந்தால் நம்பி எடுத்து வராதீர்கள். 2016 நவம்பரில் நிறுத்திய பழைய 500, 1000 செல்லவே செல்லாது. 2000 ரூபாய் நோட்டையும் 2023-இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள், கடையில் வாங்க மாட்டார்கள், சாதாரண வங்கிக் கிளையிலும் மாற்ற முடியாது.

நீங்கள் வெள்ளிக்கிழமை இரவு இறங்குகிறீர்கள். விமான நிலையத்தில் கொஞ்சம் மட்டும் மாற்றுங்கள், அங்கே விலை குறைவாகத்தான் கொடுப்பார்கள். மீதியைச் சனிக்கிழமை காலை மத்திய பேருந்து நிலையம் பக்கம் மாற்றலாம், வேன் அங்கே நிற்கும், நானும் கூட வருவேன். உரிமம் உள்ள கடைக்கு மட்டும்தான் போவோம். தெருவில் யாராவது "அண்ணே, கூடத் தரேன்" என்று கூப்பிட்டால் நிற்காதீர்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கணும், ரசீதைப் பத்திரமாக வையுங்கள், ஊருக்குப் போகும்போது மிஞ்சிய ரூபாயைத் திரும்ப மாற்ற அதைக் கேட்பார்கள்.

தயவுசெய்து மலை ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். நாம் கொடைக்கானல் சேரும்போது சனி சாயங்காலம் ஆகிவிடும், மறுநாள் ஞாயிறு, வங்கி கிடையாது. ஏழு ரோடு பக்கம் ஏடிஎம் இருக்கிறது, ஆனால் சீசன் கூட்டத்தில் பணம் தீர்ந்துபோவது சகஜம். கார்டில் எடுப்பதாக இருந்தால் வெளிநாட்டுப் பயன்பாட்டை மலேசியாவிலேயே திறந்துவிட்டு வாருங்கள். இயந்திரம் ரிங்கிட்டில் கணக்கிடவா, ரூபாயிலா என்று கேட்டால் ரூபாய் என்றே அழுத்துங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூம்பாறை, மன்னவனூர் போகிறோம். அந்தப் பக்கம் சிக்னல் வரும், போகும், அதனால் கார்டையோ போனையோ நம்ப முடியாது. பூம்பாறையில் மலைப்பூண்டு வாங்காமல் யாரும் திரும்புவதில்லை, விற்கிற அம்மாவிடம் 500 ரூபாயை நீட்டினால் அவர் சில்லறைக்கு நாலு கடை ஏறி இறங்கணும், பாவம். அதனால் மாற்றும்போதே 50, 100 நோட்டாகக் கேட்டு வாங்குங்கள், 10 ரூபாயும் கொஞ்சம். திரும்பும் வழியில் பழனியில் அர்ச்சனை, பஞ்சாமிர்தம், விஞ்ச் டிக்கெட் எல்லாவற்றுக்கும் அதுதான் கைகொடுக்கும்.

அறையும் வேனும் கொடைக்கானல் சாப்பாடும் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. கைச்செலவுக்கு ஆளுக்கு 8,000 ரூபாய் போதும் என்பது என் கணக்கு, சாக்லேட்டும் தைலமும் பெட்டி நிறைய வாங்குகிறவர்கள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பணத்தையும் ஒரே பையில் வைக்க வேண்டாம். வயதானவர்களுடையதை அவரவர் பிள்ளைகள் பாதி பிரித்து வைத்துக்கொண்டால் நல்லது.

மாற்ற வேண்டிய தொகையை வியாழக்கிழமைக்குள் ஆளாளுக்குச் சொல்லிவிடுங்கள், கடையில் சின்ன நோட்டு எடுத்துவைக்கச் சொல்லிவிடுகிறேன்.