பிஸ்கட் டின்னில் பதினான்கு மருந்துகள்: முதியோரிடம் பன்மருந்துப் பயன்பாடு
முதியோர் பராமரிப்புப் பாடம், இரண்டாவது இடுபணி

இந்த இடுபணிக்காக நான் சந்தித்தவர் ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மகளுடன் வசிக்கும் 79 வயதுப் பாட்டி. அவரிடமும் மகளிடமும் சம்மதம் வாங்கியே எழுதுகிறேன், பெயரைச் சேர்க்கவில்லை. இரவில் கழிவறைக்குப் போகும்போது இரண்டு மாதத்தில் இரண்டு முறை விழுந்திருக்கிறார். "வயசாச்சு, தலை சுத்துது" என்பதே வீட்டில் எல்லாரும் சொன்ன காரணம்.

பாட்டியின் மருந்துகளையெல்லாம் எடுத்துவரச் சொன்னேன். பெரிய பிஸ்கட் டின் ஒன்று வந்தது. உணவு மேசையில் கொட்டி எண்ணினால் பதினான்கு. அரசின் கிளினிக் கெசிஹாத்தானில் மாதாமாதம் வாங்குவது ஐந்து: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிக்லசைடு, பிரஷருக்கு அம்லோடிபின் 10 மில்லிகிராம், பெரிண்டோபிரில், கொழுப்புக்குச் சிம்வாஸ்டாட்டின். பக்கத்துத் தனியார் கிளினிக்கில் கொடுத்தது நான்கு: முட்டிவலிக்கு டைக்லோஃபெனாக், கால் வீக்கத்துக்கு ஃபுரோசமைடு, அரிப்புக்குக் குளோர்ஃபெனிரமின், பிரஷருக்கு வேறு வணிகப் பெயரில் ஒன்று. போன வருடம் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது வந்த ஒமெப்ரசோல் அப்படியே தொடர்கிறது. கால்சியமும் குளுக்கோசமினும் கடையில் வாங்கியவை. மீன் எண்ணெய் சிங்கப்பூரில் இருக்கும் மகன் அனுப்பியது. கடைசியாக, பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய ஜாமு மூலிகைப் பொட்டலம்.

ஒரே நேரத்தில் ஐந்தோ அதற்கு மேலோ மருந்துகளைத் தொடர்ந்து எடுப்பதையே பன்மருந்துப் பயன்பாடு, அதாவது பாலிஃபார்மசி என்று பொதுவாகச் சொல்கிறார்கள். எண் ஓர் எச்சரிக்கை மணி மட்டுமே. இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு ஐந்து மருந்தும் தேவைப்படலாம். இன்னொருவருக்கு மூன்றே கேடாகலாம். உலக சுகாதார நிறுவனம் 2017இல் தொடங்கிய மருந்துப் பாதுகாப்பு முயற்சியிலும் இதை மூன்று முக்கியப் பகுதிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது.

வயதான உடலில் மருந்து வேறு மாதிரி நடந்துகொள்கிறது. உடலில் நீர் குறைந்து கொழுப்பின் பங்கு கூடுவதால் டயசெபாம் போன்ற கொழுப்பில் கரையும் மருந்துகள் நெடுநேரம் தங்கிவிடும். சிறுநீரகமும் மெல்ல மெல்லத் தளரும், ஆனால் அது சோதனைத் தாளில் உடனே தெரியாது. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் பாட்டிக்கு லிட்டருக்கு 84 மைக்ரோமோல். பார்த்தால் வழக்கமான வரம்புக்குள் இருக்கிறது. எடை 46 கிலோ. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று மதிப்பிடும் காக்கிராஃப்ட்-கால்ட் கணக்கைப் பெண்களுக்கான முறையில் போட்டேன்:

(140 − 79) × 46 × 1.04 ÷ 84 = சுமார் 35 மில்லிலிட்டர்/நிமிடம்

அதாவது வடிகட்டல் நன்றாகவே குறைந்திருக்கிறது. தசை குறைந்தவரின் உடலில் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு. அதனால்தான் தாளில் உள்ள எண் நல்லதாகத் தெரிகிறது. இந்தக் கணக்கைப் போடும் வரை நானும் "சிறுநீரகம் சரியாக இருக்கிறது" என்றே குறிப்பில் எழுதி வைத்திருந்தேன்.

இனி பாட்டியின் கதையைப் பின்னாலிருந்து பார்ப்போம். விழுந்தது ஏன்? இரவில் மூன்று முறை எழுந்தார். ஏன் எழுந்தார்? ஃபுரோசமைடு, அதையும் சாயங்காலம் எடுத்துக்கொண்டிருந்தார். அது ஏன் வந்தது? கணுக்கால் வீங்கியது. வீக்கம் ஏன்? வேறு பெயரில் வந்த பிரஷர் மாத்திரையின் பின்பக்கத்தைப் படித்தால் அதுவும் அம்லோடிபின், 5 மில்லிகிராம். ஆக நாளுக்கு 15. அதிகபட்சமே 10தான். கணுக்கால் வீக்கம் அம்லோடிபினின் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு, அளவு கூடக்கூட அதுவும் கூடும். சரி, இரண்டாவது மாத்திரை ஏன்? பிரஷர் ஏறியிருந்தது. அதற்கு முந்தின மாதம்தான் டைக்லோஃபெனாக் தொடங்கியிருந்தார்கள். அது உப்பையும் நீரையும் உடலில் தேக்கிப் பிரஷரை ஏற்றும்.

முட்டிவலியில் தொடங்கியது கழிவறை வாசலில் முடிந்திருக்கிறது. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோயாக நினைத்து அடுத்த மருந்தைக் கொடுப்பதை மருந்துச் சங்கிலி என்று சொல்லலாம். இதில் எந்த ஒரு டாக்டரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொருவரும் தன் முன்னால் இருந்ததற்குச் சரியாகத்தான் கொடுத்தார். டின் முழுவதையும் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பாட்டியும் சொல்லவில்லை. "கேட்டா டாக்டர் கோவிச்சுக்குவாரும்மா" என்றார்.

பெரிண்டோபிரில், ஃபுரோசமைடு, டைக்லோஃபெனாக் மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைந்து திடீர்ப் பாதிப்பு வரலாம். வயிற்றுப்போக்கு வந்த நாளில் இது இன்னும் ஆபத்து. குளோர்ஃபெனிரமின் வாயை வறட்டும், மலத்தைக் கட்டும், முதியவர்களைக் குழப்பும்; அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியலும் அதைத் தவிர்க்கச் சொல்கிறது.

பாட்டியைப் படுக்கவைத்து அளந்தபோது பிரஷர் 138/76. எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் 112/68. மேல் அளவு 20க்கு மேல் இறங்கினாலே அது நிலைமாற்றத் தாழ்வழுத்தம். "வயசாச்சு" என்பதற்கு இந்த எண் நல்ல பதில்.

இன்னொன்று எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை, மகள்தான் சொன்னார்: பாட்டி வெள்ளிக்கிழமை மதியம் வரை விரதம். ஆனால் காலைக் கிளிக்லசைடை விடுவதில்லை, "சாமிக்குச் சாப்பாடுதான் வேணாம், மருந்து வேணாம்னு சொல்லலையே" என்று. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வரும் வியர்வையும் படபடப்பும் சர்க்கரை இறங்குவதாகவே இருக்க வேண்டும். கடந்த சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c 6.1. இந்த வயதில் இவ்வளவு இறுக்கம் தேவையில்லை.

மறுஆய்வுக்கு டின்னோடு கிளினிக் கெசிஹாத்தான் மருந்தாளரிடம் போனோம். அவர் ஒவ்வொன்றுக்கும் கேட்டது: எதற்காக, இன்னும் தேவையா, இவருடைய சிறுநீரகத்துக்கு ஏற்றதா, பாட்டி இதை உண்மையில் எப்படிச் சாப்பிடுகிறார். கடைசிக் கேள்விதான் அதிகம் வெளிக்கொண்டுவந்தது. உறையில் 'செலெபாஸ் மாக்கான்', அதாவது சாப்பிட்ட பின், என்று இருந்ததைப் பாட்டி வாசிக்கவில்லை. மாத்திரையின் நிறத்தை வைத்தே எடுத்தார். அப்புறம் மருந்தாளர் டாக்டரிடம் பேசினார், டாக்டர் முடிவெடுத்தார்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தவில்லை. டைக்லோஃபெனாக்கும் இரட்டை அம்லோடிபினும் அன்றே நின்றன. வலிக்குப் பாராசெட்டமால், தடவ ஜெல். வீக்கம் வடிந்ததும் ஃபுரோசமைடும் நின்றது. வலிமாத்திரை போனபின் வயிற்றைக் காக்க வைத்திருந்த ஒமெப்ரசோலுக்கு வேலையில்லை. அரிப்பு வறண்ட தோலால், மாய்ஸ்சரைசர் போதும். கிளிக்லசைடு பாதியானது, விரத நாள் காலையில் அது வேண்டாம். ஜாமு பொட்டலத்தில் மலேசியாவில் பதிவான மருந்துக்கு இருக்கும் MAL பதிவெண் இல்லை. இப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு என்பதாலும், நெடுநாள் எடுத்த ஸ்டீராய்டைச் சட்டென்று விட்டால் உடல் தடுமாறும் என்பதாலும், அதை டாக்டரின் கண்காணிப்பில்தான் விட்டார்கள். குளுக்கோசமினைப் பாட்டியே வேண்டாமென்றார். மீன் எண்ணெயை மட்டும் தொடவிடவில்லை. மகன் அனுப்பியதாயிற்றே.

ஆறு வாரம் கழித்துப் போனபோது, வேண்டும்போது மட்டும் எடுக்கும் பாராசெட்டமாலையும் சேர்த்து மேசையில் எட்டு. இலக்கணப்படி இதுவும் பன்மருந்துதான். நின்றபோது பிரஷர் 128/72. இரவில் ஒரு முறைதான் எழுகிறார், விழவில்லை. முட்டிவலி மட்டும் அப்படியே இருக்கிறது. பிசியோதெரபிக்கு நாள் கேட்டிருக்கிறார்கள். அதுவரை மாடிப்படி இறங்க மகள் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறார்.