நவம்பர் 2 முதல் என் விடுப்பு: கணக்குப் பிரிவு ஒப்படைப்புக் குறிப்பு

கார்த்திக், மீனாட்சி அக்கா, மெர்ச்சண்டைசிங் பக்கம் பிரபு எல்லாருக்கும்,

பேறுகால விடுப்பு 26 வாரம். நவம்பர் 2 அன்று தொடங்குகிறது, மே 3 காலை வேலைக்கு வந்துவிடுவேன். கரூரில் அம்மா வீட்டில் இருப்பேன். போன் பெரும்பாலும் அம்மா கையில்தான் இருக்கும். ஜிஎஸ்டி சந்தேகம் கேட்டால் அவரும் விடாமல் ஏதாவது பதில் சொல்வார், அதை நம்பி ரிட்டன் போட்டுவிடாதீர்கள்.

யார் எதற்குப் பொறுப்பு என்பது சாரிடம் பேசி முடிவானது. விற்பனை, கொள்முதல், ஜிஎஸ்டி, பேங்க் எல்லாம் கார்த்திக். சம்பளம், பிஎஃப், ஈஎஸ்ஐ மீனாட்சி அக்கா. ஷிப்பிங் டாக்குமென்ட் பிரபு. டிடிஎஸ் கணக்கீட்டில் சந்தேகம் வந்தால் ஆடிட்டர் ஆபீசைக் கேளுங்கள், அங்கே நம் ஃபைலை யார் பார்க்கிறார்கள் என்பது கார்த்திக்குக்குத் தெரியும். இருவருக்குள் ஒத்துவராத விஷயம் என்றால் சார் முடிவு.

ஓடிபி

போன தடவை நான் நாலு நாள் லீவில் போனபோது வந்த போன்களில் பாதி ஓடிபிக்காகத்தான். இப்போது என் நம்பர் எங்கேயும் இல்லை. ஜிஎஸ்டி போர்ட்டல், இ-இன்வாய்ஸ், பிஎஃப், ஈஎஸ்ஐ, வருமான வரி எல்லாவற்றிலும் சாரின் நம்பரும் ஆபீஸ் பொது மெயிலும் மாற்றியாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் ஒருமுறை லாகின் செய்து ஓடிபி சார் போனுக்கு வருகிறதா என்று பார்த்தும்விட்டோம்.

சார் மெசேஜைப் பார்க்க மாட்டார். ரிட்டன் போடும் நாளில் காலை பதினோரு மணிக்குக் கட்டிங் பக்கம் ரவுண்ட்ஸ் போவதற்கு முன்பே நேரில் போய்ச் சொல்லி வையுங்கள்; பிறகு போனால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் கிடைப்பார்.

பேங்கில் என் மேக்கர் ஐடி நவம்பர் 2 முதல் நிறுத்தப்படும். கார்த்திக்குக்குப் புது ஐடி வந்துவிட்டது, அப்ரூவல் சாருடையது. பாஸ்வேர்டு எதையும் இந்தக் குறிப்பில் எழுதவில்லை. ஒட்டிய கவரில் சாரின் பீரோவில் இருக்கிறது.

மாதாமாதம் வருவது

7-க்குள் டிடிஎஸ் கட்ட வேண்டும், 11-க்குள் GSTR-1, 15-க்குள் பிஎஃப், ஈஎஸ்ஐ, 20-க்குள் GSTR-3B. 14 அன்று 2B வந்துவிடும், அதை இறக்கி டாலியோடு ஒப்பிட்ட பிறகே 3B. கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம், அன்றைக்குப் போர்ட்டல் படுத்துவிடும். GSTR-1 போட்ட பிறகு தப்பு கண்ணில் பட்டால், 3B போடுவதற்கு முன் GSTR-1A-வில் திருத்தலாம். 3B-யிலேயே தொகையை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

அக்டோபர் விற்பனை முழுக்க ஏற்றியாகிவிட்டது, இரண்டு எக்ஸ்போர்ட் பில் தவிர. அந்த இரண்டுக்கும் ஷிப்பிங் பில் நம்பர் இன்னும் ஃபார்வர்டரிடமிருந்து வரவில்லை. வந்ததும் ஏற்றும்போது ஒன்று கவனியுங்கள்: அவர் மெயிலில் நம் இன்வாய்ஸ் நம்பரைச் சுருக்கி எழுதுவார், சைபரை விட்டுவிடுவார். மெயிலைப் பார்த்து டைப் செய்யாமல் ஷிப்பிங் பில் பிடிஎஃப்பைத் திறந்து, அதில் உள்ளபடி ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். போர்ட் கோடும் அப்படித்தான். வழக்கமாகத் தூத்துக்குடி, `INTUT1`. அவசரத்துக்கு ஏரில் அனுப்பினால் சென்னை, `INMAA4`. பழக்கத்தில் தூத்துக்குடி கோடையே போட்டுவிட்டால் ரீஃபண்ட் கேட்கும்போது மாட்டிக்கொள்வோம்.

இ-இன்வாய்ஸை 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும், அதற்கப்புறம் கிரெடிட் நோட் போட வேண்டியதுதான். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் பில் போட்டுத்தரச் சொல்லி பிரபு வந்து நின்றால், பேக்கிங் லிஸ்ட் கடைசியானதுதானா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். (பிரபு, கோபம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அட்டைப்பெட்டி எண்ணிக்கை மாறுவது உங்களுக்கும் தெரியும்.)

பையர் பணம் வந்தால் பேங்க் ஃபாரெக்ஸ் பிரிவு பர்ப்பஸ் கோடு கேட்டு மெயில் அனுப்பும். அட்வான்ஸ் என்றால் `P0103`, சரக்கு போன பிறகு பில்லுக்கு வந்த பணம் என்றால் `P0102`. எது அட்வான்ஸ் என்று பிரபுவிடம் கேளுங்கள்.

பெருமாநல்லூர் டையிங்

முடியாமல் விட்டுப்போகும் விஷயம் இது ஒன்றுதான். செப்டம்பரில் வந்த நேவி ப்ளூவில் 412 கிலோ ஷேடு மாறியிருந்தது. ரீ-டையிங் செலவு 38,400 ரூபாய்க்கு டெபிட் நோட் அனுப்பியிருக்கிறோம். அவர்கள் பாதிதான் ஒத்துக்கொள்வோம் என்கிறார்கள். ஷேடு பேண்ட், லேப் ரிப்போர்ட், இரு பக்க மெயில் எல்லாம் சர்வரில் `DYEING\SEP_NAVY` ஃபோல்டரில் இருக்கின்றன. அசல் துணித்துண்டு என் டிராயரில், மேலாக ஒரு பிளாஸ்டிக் கவரில்.

டையிங்காரர் போன் செய்து "சுகன்யா மேடம் சரின்னு சொல்லிட்டாங்க" என்பார். நான் சொல்லவில்லை. சார் மட்டுமே சொல்ல முடியும். ஆனால் தகராறு இல்லாத மற்ற பில்களை நிறுத்தி வைக்காதீர்கள். அவர்கள் சிறுதொழில் பதிவு உள்ளவர்கள், 45 நாள் தாண்டக்கூடாது. தாண்டி மார்ச் 31 வரை நிலுவையில் கிடந்தால் அந்தச் செலவை இந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது.

ஜாப் ஒர்க் பில்லுக்கு டிடிஎஸ்: தனிநபர் என்றால் 1 சதவீதம், பார்ட்னர்ஷிப் அல்லது கம்பெனி என்றால் 2. ஒரே பில் 30,000-ஐத் தாண்டினாலோ, வருடத்துக்கு மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினாலோ பிடிக்க வேண்டும். செக்கிங், அயர்னிங் ஆட்கள் சின்னச் சின்ன பில்லாகக் கொடுப்பார்கள். அதனால் லெட்ஜரில் மொத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீனாட்சி அக்காவுக்கு

அக்கா, சனிக்கிழமை வாரச் சம்பளம் உங்களுக்குப் புதிதில்லை. வெள்ளி மதியமே பேங்கில் சொல்லி வைத்தால்தான் 50, 100 நோட்டு கிடைக்கும்.

ஜனவரியில் சம்பளம் கூட்டினால் சிலர் 21,000-ஐத் தாண்டுவார்கள். உடனே ஈஎஸ்ஐயை நிறுத்திவிடக் கூடாது, மார்ச் வரை பிடித்தே ஆக வேண்டும், ஏப்ரலில்தான் விடலாம். "அக்கா, எனக்கு ஈஎஸ்ஐ வேண்டாம்" என்று கேட்டு வருவார்கள், இதைச் சொல்லிவிடுங்கள். ஜனவரி 15 பொங்கல் லீவில் வருகிறது. பிஎஃப், ஈஎஸ்ஐ இரண்டையும் 12-க்குள் கட்டிவிடுங்கள்.

இடையில் ஒருமுறை மட்டும் வருபவை

டிசம்பர் 15, மார்ச் 15 அட்வான்ஸ் டாக்ஸ்: தொகையை ஆடிட்டர் சொல்வார், சொல்லாவிட்டால் 10-ஆம் தேதியே கேளுங்கள். டிசம்பர் 31 ஜிஎஸ்டி ஆண்டு ரிட்டன் ஆடிட்டர் வேலை, அவர் கேட்ட விவரமெல்லாம் கொடுத்தாகிவிட்டது. ஜனவரி 31-க்குள் மூன்றாம் காலாண்டு டிடிஎஸ் ரிட்டன். மார்ச் 31-க்குள் மாநகராட்சிக்குத் தொழில்வரி. மார்ச் மாத டிடிஎஸ்ஸுக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு.

இவற்றில் மறந்தால் கஷ்டப்படுத்துவது எல்யூடி. மார்ச் 31 அன்று இந்த வருடத்துடையது முடிகிறது. ஏப்ரலின் முதல் எக்ஸ்போர்ட் பில்லுக்கு முன் புதிதாகப் போட்டாக வேண்டும், இல்லையென்றால் ஐஜிஎஸ்டி கட்டி அனுப்பும் நிலை வரும். போர்ட்டலில் Services > User Services > Furnish Letter of Undertaking (LUT). சாட்சி இருவர் விவரம் கேட்கும். போன வருடத்தது பிரிண்ட் எடுத்து ஜிஎஸ்டி பாக்ஸ் ஃபைலில் முதலாவதாக வைத்திருக்கிறேன்.

இதில் இல்லாதது வந்தால்

முதலில் டாலியில் போன வருடம் அதே மாத வவுச்சரைத் திறந்து நரேஷனைப் படியுங்கள். ஏன் அப்படிப் போட்டேன் என்பதை அதில் எழுதியிருப்பேன். அதிலும் இல்லாவிட்டால் ஆடிட்டர். மே மாதம் வரை பொறுக்கக்கூடிய கேள்வியாக இருந்தால் பொது மெயிலில் "சுகன்யா மே" என்று தலைப்பிட்டுப் போட்டு வையுங்கள்.

ஜிஎஸ்டி அல்லது வருமான வரியிலிருந்து நோட்டீஸ் வந்தால் மட்டும், பதில் தரும் கடைசித் தேதியோடு அன்றே ஆடிட்டருக்கு மெயில், சாருக்குக் காப்பி. எனக்கு அனுப்ப வேண்டாம்.

சுகன்யா
கணக்குப் பிரிவு