தெருவோர வியாபாரிகளுக்கான ‘அன்றாடக் காப்பு’ குறுங்காப்பீட்டுத் திட்ட அறிமுக உரை
(திருநெல்வேலி சந்திப்புக் கிளை வாடிக்கையாளர் கூட்டத்தில் கிளை மேலாளர் ஆற்றியது)

மதிய வியாபாரத்தை முடித்துவிட்டும், சிலர் முடிக்காமல் பக்கத்துக் கடைக்காரரிடம் வண்டியை ஒப்படைத்துவிட்டும் வந்திருக்கும் அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் என் வணக்கம். மாலை வியாபாரம் நான்கு மணிக்குத் தொடங்கிவிடும் என்பதால், நேரடியாக விஷயத்துக்கு வருகிறேன்.

வருகிற அக்டோபர் 1 முதல், நமது நிறுவனம் தெருவோர வியாபாரிகளுக்கென்று தனியாக ‘அன்றாடக் காப்பு’ என்னும் குறுங்காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்குகிறது. ஆண்டுக்கு 960 ரூபாய் கட்டணம். மொத்தமாகக் கட்ட இயலாதவர்கள் வாரம் 20 ரூபாய் வீதம் 48 வாரங்கள் கட்டலாம். பொங்கலோ ஆனித் தேரோ வீட்டில் ஒரு விசேஷமோ வந்து கை முடங்கும்போது விட்டுக்கொள்ள ஆண்டில் நான்கு வாரங்கள் உங்களுக்கு மிச்சம் இருக்கும். இந்தக் கட்டணத்துக்கு மேல் எந்தப் பிடித்தமும் கிடையாது.

இந்தத் திட்டத்தை வகுப்பதற்கு முன் உங்களில் பலரிடம் பேசினோம். உடம்பு முடியாமல் போனால் ஆஸ்பத்திரிச் செலவை நினைத்தா பயப்படுகிறீர்கள் என்று கேட்டபோது, ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குக் காசு வாங்குவதில்லை, பெரிய சிகிச்சை என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள். பத்து நாள் வார்டில் படுத்திருந்தால் கையிலிருக்கும் முதல் வீட்டுச் செலவில் கரைந்துவிடுகிறது, திரும்பி வந்து சரக்கு எடுக்க வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கிறது, அந்த வட்டிதான் ஆறு மாதம் ஆனாலும் விடுவதில்லை என்பதுதான் உங்கள் பதிலாக இருந்தது. ஆகவே மருத்துவச் செலவை ஈடுகட்டும் இன்னொரு திட்டத்தை விற்பதைக் காட்டிலும், வியாபாரம் நின்றுபோகும் நாளுக்குப் பணம் கொடுப்பதுதான் முறை என்று முடிவு செய்தோம்.

முதல் பயன் அதுதான். நோயாலோ விபத்தாலோ 24 மணி நேரத்துக்கு மேல் உள்நோயாளியாக அனுமதிக்கப்பட்டால், நாளொன்றுக்கு 500 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 20 நாள்கள் வரை உங்கள் வங்கிக் கணக்கில் செலுத்துவோம். அரசு மருத்துவமனையில் ரசீது ஏது? அதனால் நாங்கள் ரசீது கேட்கப் போவதில்லை. வெளியேறும்போது கொடுக்கும் சிகிச்சைச் சுருக்கச் சீட்டின் நகல் ஒன்று போதும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வார்டில் துணைக்கு உட்கார்ந்திருக்கும் தாய்க்கும் அன்றைக்கு வியாபாரம் இல்லைதானே என்று ஒரு அக்கா கேட்டார். அவர் கேட்டது நியாயம். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை அனுமதிக்கப்பட்டால், துணைக்கு இருக்கும் உறுப்பினருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் இதே 20 நாள் கணக்குக்குள் கிடைக்கும். விபத்துக்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. நோய்க்கு மட்டும் சேர்ந்த நாளிலிருந்து 30 நாள்கள் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது பயன் வண்டிக்கும் சரக்குக்குமானது. தீப்பிடித்தாலோ, வாகனம் மோதினாலோ, வெள்ளம் புகுந்தாலோ, 15,000 ரூபாய் வரை உண்மையான இழப்பை ஈடு செய்வோம். எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து அடுப்போடு வண்டியும் எரிந்துபோவது பஜ்ஜிக் கடைக்காரர்களுக்குத் தெரிந்த ஆபத்து. அதுவும் இதில் அடங்கும். சேதம் நடந்த 7 நாள்களுக்குள் வண்டியின் படத்தை எங்கள் முகவரின் கைப்பேசிக்கு அனுப்புங்கள், அல்லது கிளைக்கு நேரில் வந்து சொல்லுங்கள்.

மூன்றாவது பயனைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டி இந்தச் சந்திப்புப் பகுதித் தெருக்களுக்குள் வந்தது. அப்படிப்பட்ட நாளில் சேதத்தைப் பார்வையிட ஆள் வரட்டும் என்று உங்களைக் காத்திருக்கச் சொல்வது பொருளற்றது. அதனால், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பாளையங்கோட்டை மழைமானியில் 24 மணி நேரத்தில் 12 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ மழை பதிவானால், நீங்கள் மனு எதுவும் கொடுக்காமலே, 5 வேலை நாள்களுக்குள் எல்லா உறுப்பினர் கணக்கிலும் 1,000 ரூபாய் வந்துவிடும். ஓர் ஆண்டில் இரண்டு முறை வரை இது கிடைக்கும். இதில் ஒரு குறை உண்டு, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: உங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலும், பாளையங்கோட்டை மழைமானி 11 சென்டிமீட்டர்தான் காட்டியது என்றால் இந்த 1,000 ரூபாய் வராது. அப்போது வண்டியும் சரக்கும் சேதமாகியிருந்தால் இரண்டாவது பயனின் கீழ் கேட்கலாம். மேலும், மேகம் திரண்ட பிறகு வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். மழைப் பயன் சேர்ந்து 15 நாள்கள் கழித்தே தொடங்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக இந்தக் கூட்டத்தை வைத்ததற்குக் காரணம் அதுதான்.

எவையெல்லாம் இதில் இல்லை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் ஆளில்லாமல் விட்டுப்போன வண்டி திருடு போனால் ஈடு இல்லை. ஆக்கிரமிப்பு என்று மாநகராட்சி வண்டியை எடுத்துச் சென்றால் அதற்கும் இல்லை. அங்கே உங்களுக்குத் துணை நிற்பது 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டமும் நகர விற்பனைக் குழுவும்தான். விபத்து மரணத்துக்கு இதில் தொகை வைக்கவில்லை என்று சிலர் வருத்தப்படலாம். வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்துக்கொண்டு 2 லட்சம் ரூபாய் தரும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம் இருக்கும்போது, அதையே நாங்கள் கூடுதல் விலைக்கு விற்பது சரியல்ல. 70 வயதுக்குள் இருப்பவர்கள் அதில் சேர்ந்திருக்கிறீர்களா என்று நாளைக்கே உங்கள் வங்கியில் கேட்டுப் பாருங்கள்.

‘அன்றாடக் காப்பு’ திட்டத்தில் 18 முதல் 70 வயது வரை சேரலாம். அறுபது வயதோடு நிறுத்திவிடலாம் என்று தலைமை அலுவலகத்தில் ஒரு யோசனை வந்தது. ரதவீதியில் பூக்கட்டும் ஆச்சிமார்களை ஒரு காலை நேரம் வந்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். வந்து பார்த்த பின் வயது வரம்பு உயர்ந்தது. மாநகராட்சியின் விற்பனைச் சான்றிதழோ அடையாள அட்டையோ இருந்தால் நல்லது. இல்லாதவர்கள், கடை போடும் இடத்தில் எடுத்த படத்தோடு, பக்கத்தில் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் இருவரின் கையெழுத்தைப் பெற்று வந்தால் ஏற்றுக்கொள்வோம்.

வாரப் பணத்தை எங்கள் முகவர் கையில் கொடுத்தவுடன் உங்கள் கைப்பேசிக்குச் செய்தி வர வேண்டும், அட்டையிலும் அவர் கையெழுத்திட வேண்டும். இரண்டும் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர் எவ்வளவு பழகியவராக இருந்தாலும் சரி. சேர்ந்த 30 நாள்களுக்குள் வேண்டாம் என்று தோன்றினால், பயன் எதுவும் பெறாத நிலையில், கட்டிய பணத்தைத் திருப்பித் தருவோம். ஈடு கேட்டு 15 நாள்களுக்குள் எங்களிடமிருந்து பதில் வராவிட்டால் முதலில் என்னிடம் வாருங்கள். என் பதிலும் நிறைவளிக்கவில்லை என்றால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணில் புகார் செய்யலாம். சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் கட்டணமின்றி முறையிடலாம். இந்த எண் உங்கள் அட்டையின் பின்புறம் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கிறது.

விண்ணப்பங்கள் வாசலருகே உள்ள மேசையில் இருக்கின்றன. ஆதார் அட்டையும் வங்கிக் கணக்குப் புத்தகமும் வேண்டும். கணக்கு மகன் பேரிலோ மருமகள் பேரிலோ இருந்தால் உங்கள் பேரில் ஒன்று தொடங்கித் தர ஊழியர் ஒருவரை அங்கே அமர்த்தியிருக்கிறோம். வாரிசுதாரர் பெயரைக் காலியாக விடாதீர்கள். படிக்கச் சிரமப்படுவோருக்கு எழுதித் தருவார்கள்; ஆனால் எழுதியதை உரக்க வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வையுங்கள். மாலை வியாபாரத்துக்குப் போக வேண்டியவர்கள் முதலில் வரிசைக்கு வாருங்கள். மற்றவர்களின் கேள்விகளுக்கு நான் இங்கேயே இருந்து பதில் சொல்கிறேன். நன்றி, வணக்கம்.