உலக சதுரங்க வாகை சூடினார் குகேஷ்: இறுதி நிலவரம் 7.5–6.5

(ஆங்கிலச் செய்திக்குறிப்பின் தமிழ் வடிவம், நம் சங்கச் செய்திமடலுக்காக. புள்ளிகள் எல்லா இடத்திலும் குகேஷ் முதலில், டிங் அடுத்து என்ற வரிசையில் உள்ளன, அந்த ஆட்டத்தில் யார் வெள்ளைக் காய் ஆடியிருந்தாலும் சரி. சீனப் பெயர்களில் குடும்பப் பெயர் முன்னால் வரும். அதனால் டிங் லிரெனை முழுப்பெயருக்குப் பிறகு ‘டிங்’ என்றே குறிப்பிட்டிருக்கிறோம்.)

சிங்கப்பூர், டிசம்பர் 12, 2024: சென்னையைச் சேர்ந்த டி. குகேஷ், நடப்பு சாம்பியனான சீனாவின் டிங் லிரெனை 14ஆவது ஆட்டத்தில் வென்று உலக சதுரங்க சாம்பியன் ஆனார். அவருக்கு வயது 18. 1985இல் 22 வயதில் பட்டம் வென்ற கேரி காஸ்பரோவ் வசம் இருந்த இளம் சாம்பியன் என்ற பெருமை இப்போது குகேஷுக்கு வந்திருக்கிறது. விஸ்வநாதன் ஆனந்துக்குப் பிறகு இந்தப் பட்டத்தைப் பெறும் இரண்டாவது இந்தியரும் இவரே.

செந்தோசா தீவில் நவம்பர் 25 அன்று தொடங்கிய இந்தப் போட்டியின் முதல் ஆட்டமே குகேஷுக்குத் தோல்வியில் முடிந்தது. வெள்ளைக் காய்களுடன் ஆடியும் 42 நகர்வுகளில் அவர் தோற்றார், நிலவரம் 0–1. இரண்டாவது ஆட்டம் டிரா, 0.5–1.5. மூன்றாவதில் மீண்டும் வெள்ளையுடன் ஆடி வென்று 1.5–1.5 எனச் சமன் செய்தார்.

அதன்பின் 4 முதல் 10 வரை ஏழு ஆட்டங்கள் தொடர்ந்து டிரா ஆகின. 5–5 என்று நின்ற கணக்கை 11ஆவது ஆட்டம் உடைத்தது. நெருக்கடியான நேரத்தில் டிங் தவறிழைக்க, 29ஆவது நகர்விலேயே ஆட்டம் முடிந்து குகேஷ் முதன்முறையாக முன்னிலை பெற்றார்: 6–5. ஆனால் மறு ஆட்டத்திலேயே டிங் அருமையாக ஆடி 6–6 ஆக்கினார். 13ஆவது ஆட்டம் டிரா, 6.5–6.5.

கடைசி ஆட்டத்தில் வெள்ளைக் காய்கள் டிங்குடையவை. அதுவும் டிரா ஆனால் விரைவு ஆட்டங்களில் முடிவு காண வேண்டியிருக்கும். பல மணி நேரத்துக்குப் பிறகு இருவரிடமும் ராஜா, ஒரு யானை, ஒரு மந்திரி, சில சிப்பாய்களே மிச்சம். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். அப்படியும் டிங் கவனமாகக் காத்திருந்தால் டிரா எடுத்திருக்கலாம். 55ஆவது நகர்வில் அவர் யானையை f2 கட்டத்துக்கு நகர்த்தினார். குகேஷ் யானைகளை மாற்றிக்கொண்டு, தன் மந்திரியை d5இல் வைத்தார். a8 மூலையில் மாட்டியிருந்த வெள்ளை மந்திரிக்கு மாற்றிக்கொள்வதைத் தவிர வழி இல்லை. மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே உள்ள, கூடுதல் சிப்பாய் வென்றுவிடும் நிலை. 58ஆவது நகர்வுக்குப் பின் டிங் ஆட்டத்தைக் கைவிட்டார்: 7.5–6.5.

மொத்தத்தில் குகேஷ் மூன்று வெற்றி, டிங் இரண்டு வெற்றி, ஒன்பது டிரா. பரிசுத்தொகை 25 லட்சம் அமெரிக்க டாலர். ஒவ்வொரு வெற்றிக்கும் 2 லட்சம் டாலர் தந்து, மீதியை இருவருக்கும் சமமாகப் பிரித்ததில் குகேஷுக்கு 13.5 லட்சம் டாலரும் டிங்குக்கு 11.5 லட்சம் டாலரும் கிடைத்தன.

இந்தப் போட்டிக்கான தகுதியை குகேஷ் 2024 ஏப்ரலில் டொராண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் தொடரில், 14 சுற்றில் 9 புள்ளி எடுத்துப் பெற்றிருந்தார். அப்போது அவருக்கு வயது 17.

சங்கத்திலிருந்து ஒரு வார்த்தை: இது நம் பிள்ளைகள் பாடமாகவே படிக்க வேண்டிய போட்டி. முதல் நாளே தோற்ற ஒருவர், ஏழு டிராக்களைப் பொறுமையாகக் கடந்து, முன்னிலை கைவிட்டுப் போனபின்பும் நிதானம் இழக்காமல் ஆடினார். பெரிய தாக்குதல் எதுவும் இல்லாத கடைசி ஆட்டத்திலும், டிராவுக்கு ஒப்புக்கொள்ளாமல் சின்னச் சாதகத்தைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டிருந்ததுதான் என்னை மிகவும் நெகிழவைத்தது. டிங்கையும் மறக்க வேண்டாம். 12ஆவது ஆட்டத்தில் அவர் காட்டிய ஆட்டம் சாம்பியனுக்குரியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பில் 14ஆவது ஆட்டத்தை 54ஆவது நகர்வு வரை பலகையில் வைத்திருப்போம். வெள்ளைக்கு எந்த நகர்வு டிரா தரும் என்று பிள்ளைகள் தேடிப் பார்க்கட்டும். வரும்போது பலகையும் கடிகாரமும் எடுத்து வாருங்கள். சங்கத்தில் எல்லாருக்கும் போதாது.