பாம்புக்கடி: காத்திருப்புக் கூட டிவிக்கான திரை எழுத்தும் குரலும்

ஆரம்ப சுகாதார நிலையக் கூடத்தில் தானாகச் சுற்றி ஓடும் எட்டு ஸ்லைடுகள். டோக்கன் கூப்பிடும்போது குரல் கேட்காது. அதனால் திரை எழுத்தை மட்டும் படித்தாலே விஷயம் பிடிபட வேண்டும். பாதியில் வந்து உட்காருபவருக்காக எல்லா ஸ்லைடின் அடியிலும் "பாம்புக்கடி: 108" நிற்கும். பாம்பு சீறும் வீடியோ வேண்டாம், குழந்தைகள் இருக்கிறார்கள்.

ஸ்லைடு 1 (12 நொடி)
திரை: இறுக்கிக் கட்ட வேண்டாம். கீற வேண்டாம். ஓட வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.
குரல்: பாம்பு கடித்தால் மருந்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. வேறெங்கும் நின்று நேரத்தை விடாதீர்கள்.

ஸ்லைடு 2 (28 நொடி)
படம்: நான்கு பாம்புகள், பெயருடன்.
திரை: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நான்குக்கும் ஒரே மருந்து.
குரல்: எந்தப் பாம்பு என்று தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். அடித்துப் பையில் போட்டும் கொண்டுவர வேண்டாம்; செத்த பாம்பின் தலையும் கடிக்கும். தூரத்திலிருந்து செல்போனில் ஒரு படம் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் வைத்தியம் நிற்காது.

ஸ்லைடு 3 (45 நொடி, வேகம் கூட்ட வேண்டாம்)
படம்: தரையில் பாய், பக்கத்தில் கட்டில், கொசுவலை.
திரை: இரவு தரையில் படுத்தவருக்கு விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை சொருகல்: கட்டுவிரியன் கடியாக இருக்கலாம்.
குரல்: கட்டுவிரியன் தூக்கத்தில் கடிக்கும். வலி அனேகமாக இருக்காது, வீக்கம் இருக்காது, பல் தடம்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். விடியும்போது வயிறு வலிக்கும், வாந்தி வரும். வாயுக் கோளாறு என்று சோடா குடித்துவிட்டுப் படுப்பதுதான் ஆபத்து. அடுத்து இமை தானாக மூடும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, பிறகு மூச்சு நிற்கும். இமை சொருகினாலே கிளம்புங்கள். முடிந்தவரை கட்டிலில் படுங்கள். கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள்.

ஸ்லைடு 4 (32 நொடி)
படம்: சாய்த்துப் பிடித்த கண்ணாடிக் குழாய்.
திரை: 20 நிமிடத்தில் ரத்தம் உறைகிறதா? இதுதான் முதல் பரிசோதனை.
குரல்: கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது. ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் வரலாம். அதற்காக 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் ஆட்டாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்போம். "ரத்தத்தை எடுத்துவிட்டு நர்ஸ் சும்மா நிற்கிறார்" என்று கோபப்பட வேண்டாம். குழாயை எடுத்து ஆட்டியும் பார்க்காதீர்கள்.

ஸ்லைடு 5 (26 நொடி)
படம்: குச்சி, துண்டு வைத்து அசையாமல் கட்டிய கால்.
திரை: படுக்க வையுங்கள். அசைக்காதீர்கள். மெட்டி, கொலுசு, மோதிரம், வாட்ச்: கழற்றுங்கள்.
குரல்: எலும்பு முறிந்த காலைப் போல, குச்சி வைத்துத் துண்டால் தளர்வாகக் கட்டுங்கள்; விரல் உள்ளே நுழைய இடம் இருக்கட்டும். வீங்கிய பிறகு மெட்டியை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்லைடு 6 (24 நொடி)
திரை: கயிறு கட்டியிருந்தால் நீங்களே அவிழ்க்காதீர்கள்.
குரல்: இறுக்கிக் கட்டினால் ரத்தம் போகாமல் கால் அழுகும். கட்டியே வந்துவிட்டால் வழியில் அவிழ்க்க வேண்டாம். தேங்கிய விஷம் ஒரே நேரத்தில் உடம்பில் ஏறும். டாக்டர் மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு அவிழ்ப்பார்.

ஸ்லைடு 7 (34 நொடி)
திரை: விஷமுறிவு மருந்து: குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு. அரசு மருத்துவமனையில் இலவசம்.
குரல்: விஷம் ஏறிய அறிகுறி தெரிந்தால், வழக்கமாக 10 குப்பி மருந்தை சலைனில் கலந்து சுமார் ஒரு மணி நேரம் ஏற்றுவோம். பாம்பு குழந்தைக்கென்று விஷத்தைக் குறைத்துவிடுவதில்லை. அதனால் மருந்தும் குறையாது. ஏறும்போது அரிப்பு, தடிப்பு, நடுக்கம், மூச்சுத் திணறல் எது வந்தாலும் உடனே சொல்லுங்கள். அறிகுறியே இல்லாவிட்டாலும் 24 மணி நேரம் வார்டில் இருங்கள்.

ஸ்லைடு 8 (20 நொடி)
திரை: இருட்டில் டார்ச். வயலில் பூட்ஸ். விறகை எடுக்குமுன் குச்சியால் தட்டுங்கள்.
குரல்: எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். நெல் மூட்டை, விறகுக் குவியலைப் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். மருந்துக்கான விஷத்தை வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் உயிருள்ள பாம்பிலிருந்து எடுக்கிறார்கள். 1978-இல் தொடங்கிய சங்கம் அது.

கறுப்புத் திரை 3 நொடி. மீண்டும் ஸ்லைடு 1.