பச்சை அட்டைப் புத்தகத்தில் என்ன இருக்கிறது

தம்பி,

திங்கட்கிழமை சேர்ந்த அன்று ஏழெட்டு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உங்கள் கையில் ஒரு பச்சை அட்டைப் புத்தகம் கொடுத்தோம் இல்லையா, அதை யாரும் படிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். 46 பக்கம், பாதி சட்டத்தமிழ். எச்.ஆரில் இருக்கும் நானும் சேர்ந்தபோது படிக்கவில்லை. அதனால் மிஷின் ஷாப்பில் ஆபரேட்டராக இருக்கும் ஒருவருக்கு அதில் எது உண்மையில் தேவையோ அதை மட்டும் எழுதுகிறேன். சந்தேகம் வந்தால் புத்தகம் சொல்வதுதான் செல்லும், நான் சொல்வது இல்லை. அதில் இருக்கும் நிலையாணைகளை, அதாவது கம்பெனியின் வேலை விதிகளை, மெயின் கேட் பக்கத்துப் பலகையிலும் தமிழில் ஒட்டியிருக்கிறோம்.

முதலில் நடத்தை விதிகள். ஷூ, கண்ணாடி, நேரத்துக்கு வருவது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். மாதத்தில் மூன்று முறை பத்து நிமிடத்துக்கு மேல் லேட் ஆனால் சூப்பர்வைசர் வாய்மொழியாகச் சொல்வார், அடுத்து எழுத்தில் வரும். ஆனால் நல்ல பையன்கள் மாட்டிக்கொள்வது லேட்டில் இல்லை, தப்பு என்றே தோன்றாத விஷயங்களில்தான். நண்பன் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறான் என்று அவனுக்காக நீங்கள் பஞ்ச் வைப்பது மோசடி, வைத்தவருக்கும் வைக்கச் சொன்னவருக்கும் ஒரே தண்டனை. தேய்ந்துபோன கார்பைடு டிப்பை பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போவது திருட்டு. குப்பைதானே என்பீர்கள், வெளியில் அதைக் கிலோக் கணக்கில் நல்ல விலைக்கு வாங்குகிறார்கள், செக்யூரிட்டிக்கும் அது தெரியும். சைக்கிள் டைம் குறைக்க சிஎன்சி கதவின் இன்டர்லாக்கை ஏமாற்றுவது, கேஜ் போடாமலே ஷீட்டில் ரீடிங் எழுதுவது, கஸ்டமர் டிராயிங்கை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்புவது, இந்த மூன்றும் எங்கள் பார்வையில் பெரிய குற்றம். டூல் சப்ளையர் தீபாவளிக்குத் தரும் ஸ்வீட் பாக்ஸ் பரவாயில்லை, 500 ரூபாய்க்கு மேல் போகிற எதுவும் எச்.ஆருக்கு வந்துவிட வேண்டும்.

சொல்லாமல் லீவ் பற்றித் தனியாகச் சொல்கிறேன். தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் தகவலே இல்லாமல் வராவிட்டால் அது ஒழுங்கீனம், நடவடிக்கை தொடங்கும். ஊரில் சாவு, அம்மாவுக்கு ஆபரேஷன், எதுவானாலும் இருக்கட்டும், ஒரு மெசேஜ் போடுங்கள். போனில் சொன்னேன் என்பதை அப்புறம் நிரூபிக்க முடியாது.

தண்டனைகள், சின்னதிலிருந்து பெரியதுவரை: வாய்மொழி எச்சரிக்கை, எழுத்து எச்சரிக்கை (ஒரு வருடம் பைலில் இருக்கும்), அபராதம், நான்கு நாள்வரை சம்பளமில்லாத சஸ்பென்ஷன், ஒரு வருட இன்கிரிமென்ட் நிறுத்தம், பதவி இறக்கம், கடைசியாக டிஸ்மிஸ். அபராதம் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் 20,000-க்கு அது அதிகபட்சம் 600 ரூபாய், அதுவும் உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகுதான். சூப்பர்வைசர் கோபத்தில் 'ஆயிரம் பிடிக்கிறேன்' என்றால் என்னிடம் வாருங்கள், அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. இந்த வரிசையில் படிப்படியாகத்தான் ஏற வேண்டும் என்றும் இல்லை. அடிதடி, திருட்டு, குடித்துவிட்டு வருவது என்றால் முதல் முறையே டிஸ்மிஸ்வரை போகலாம். நீங்கள் ஆறு மாதம் புரொபேஷன். வேலை சரியில்லை என்றால் அந்தக் காலத்தில் ஒரு மாத நோட்டீஸில் அனுப்பலாம், ஆனால் தப்பு செய்தீர்கள் என்று குற்றம் சாட்டி அனுப்புவதானால் உங்களுக்கும் விசாரணை உண்டு.

அந்த விசாரணை எப்படி நடக்கும்? முதலில் மெமோ வரும், 48 மணி நேரத்தில் எழுத்தில் பதில். திருப்தி இல்லையென்றால் குற்றச்சாட்டுப் பத்திரம், அதற்கு ஏழு நாள். அவகாசம் கேட்டால் இன்னொரு ஏழு நாள் பெரும்பாலும் கிடைக்கும், ஆனால் கேட்க வேண்டும். பிறகு உள் விசாரணை. விசாரணை அதிகாரி உங்கள் டிபார்ட்மென்ட் ஆளாக இருக்க மாட்டார். உடன் வேலை செய்யும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம், உங்கள் சாட்சியைக் கூப்பிடலாம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து கேட்பார்கள், படித்துவிட்டுப் போடுங்கள். எழுதியது தப்பு என்றால் அதையும் எழுதிவிட்டுப் போடுங்கள். விசாரணை முடியும்வரை வெளியே நிறுத்தினால் அது தண்டனை இல்லை, பிழைப்பூதியம் வரும்: முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அதற்கு மேல் இழுத்தால், இழுப்புக்கு நீங்கள் காரணமில்லை என்றால், குறைந்தது முக்கால். அறிக்கையின் நகல் உங்களுக்கு வரும், தண்டனை முடிவாகும் முன் இன்னொரு ஏழு நாள் பதில் சொல்லலாம்.

இத்தனை வருடத்தில் நான் பார்த்தது, வேலை போனவர்களில் பாதிப் பேர் செய்த தப்பால் போகவில்லை, காகிதத்துக்குப் பதில் சொல்லாததால் போனார்கள். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவர், நல்ல ஆபரேட்டர், ஷிப்ட் இன்சார்ஜிடம் கை ஓங்கினார் என்று மெமோ. வாங்க மறுத்துவிட்டார். வாங்காவிட்டால் செல்லாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மறுத்தார் என்று இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்து போட்டார்கள், அவ்வளவுதான், கொடுத்ததாகக் கணக்கு. அடுத்த கடிதங்கள் ஸ்பீட் போஸ்டில் அவர் தந்திருந்த ஸ்ரீபெரும்புதூர் ரூம் விலாசத்துக்குப் போயின. அவர் நான்கு மாதம் முன்பே அந்த ரூமைக் காலி செய்திருந்தார். 'கதவு பூட்டியிருந்தது' என்று சிவப்பு மையில் எழுதித் திரும்பி வந்த மூன்று கவர்களும் பைலில் அப்படியே இருந்தன. விசாரணை அவர் இல்லாமலே நடந்தது. அவர் கை ஓங்கவில்லை என்று சொல்லக்கூடிய ஆள் பக்கத்து மிஷினிலேயே இருந்தார், கூப்பிடத்தான் ஆள் இல்லை.

மெமோ வாங்குவது தப்பை ஒப்புக்கொள்வது ஆகாது. 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, தேதி, நேரம் போட்டு, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டனை உத்தரவு வந்துவிட்டால் மேல்முறையீடு உண்டு. எச்சரிக்கை, அபராதத்துக்கு எச்.ஆர். மேனேஜரிடம் ஏழு நாளில். மற்றவற்றுக்கு பிளான்ட் ஹெட்டிடம் 15 நாளில், அவர் 30 நாளில் எழுத்தில் பதில் தர வேண்டும். பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம்: எந்த உத்தரவு, எது தப்பு, என்ன ஆதாரம், என்ன வேண்டும், ஒரே பக்கம் போதும். மேல்முறையீடு செய்ததற்காகத் தண்டனையைக் கூட்ட முடியாது என்று 39-ஆம் பக்கத்தில் இருக்கிறது. டிஸ்மிஸ் என்றால் கம்பெனியோடு கதை முடிந்துவிடாது. தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு கொடுக்கலாம், 45 நாளில் தீரவில்லை என்றால் நேராகத் தொழிலாளர் தீர்ப்பாயம் போகலாம். பழைய சட்டத்தில் இதற்கு மூன்று வருடம் இருந்தது, 2020 தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில் அது இரண்டாகக் குறைந்துவிட்டது. எச்.ஆர். ஆளே இதைச் சொல்கிறாரே என்று பார்க்காதீர்கள், சொல்லாமல் விட்டால் அது எங்களுக்கும் தலைவலி.

பாலியல் தொல்லைப் புகார் மட்டும் வேறு வழி. அது சூப்பர்வைசரிடமோ என்னிடமோ வர வேண்டியதில்லை, 2013 சட்டப்படி உள்ள உள்ளகக் குழுவுக்கு நேராகப் போகும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும், விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். முடிவை ஏற்காத எந்தத் தரப்பும் 90 நாளில் மேல்முறையீடு செய்யலாம். கேலி, டபுள் மீனிங் ஜோக், ஷிப்ட் குரூப்பில் அனுப்பும் படம், எல்லாம் இதில் அடங்கும்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒன்று செய்யுங்கள். ஜாயினிங் பாரத்தில் ஊர் விலாசம் மட்டும் எழுதியிருக்கிறீர்கள், இப்போது தங்கியிருக்கும் ரூம் விலாசம் காலியாக இருக்கிறது. கேன்டீன் பக்கத்து எச்.ஆர். ஜன்னலில் மஞ்சள் பாரம் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுத்து, சீல் போட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். ரூம் மாறும்போதெல்லாம் இதே வேலை.