செப்டம்பர் 22 பேட்ச்: ஒரு சோப்புக்கு என்ன அடக்கம், என்ன விலை

கொழிஞ்சாம்பாறை, 2025 நவம்பர் 9

அக்கா,

பொள்ளாச்சிக் கடைக்காரர் 200 சோப்பு கேட்கிறார், 65 ரூபாய்க்குத் தருவதாகத் தலையாட்டி வந்துவிட்டேன் என்று போனில் சொன்னீர்கள். அவருக்கு உறுதியாகப் பதில் சொல்வதற்கு முன்னால் இந்தக் கணக்கை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். செப்டம்பர் 22 அன்று ஊற்றிய புல்தைல சோப்பை நவம்பர் 3 அன்று, ஆறு வாரம் முடிந்ததும், ஒவ்வொன்றாக எடை போட்டேன். கீழே இருப்பதெல்லாம் அந்த ஒரு பேட்ச்சின் கணக்கு.

முதலில் எண்ணெய். மொத்தம் 5 கிலோ.

தேங்காயெண்ணெய் 2,000 கிராம், செக்கில் கிலோ 420 வீதம்: 840 ரூபாய்
தவிட்டெண்ணெய் 1,250 கிராம்: 213
பாமாயில் 1,250 கிராம்: 179
விளக்கெண்ணெய் 500 கிராம், கிலோ 240 வீதம்: 120
எண்ணெய் மொத்தம்: 1,352 ரூபாய்

தவிட்டெண்ணெயும் பாமாயிலும் லிட்டர் பாக்கெட்டில் வருகின்றன, நாம் சேர்ப்பதோ கிராம் கணக்கில். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ நிற்காது, ஏறக்குறைய 910 கிராம்தான். அதனால் 155 ரூபாய் தவிட்டெண்ணெய் நமக்குக் கிலோ 170 ஆகிறது, 130 ரூபாய் பாமாயில் 143 ஆகிறது. போன வருட நோட்டில் லிட்டர் விலையையே கிலோ விலையாக எழுதி வைத்திருக்கிறோம். அந்த ஒரு இடத்திலேயே ஒவ்வொரு பேட்ச்சிலும் 35 ரூபாய் கணக்கில் வராமல் போயிருக்கிறது.

காஸ்டிக் சோடா 735 கிராம், கிலோ 120 வீதம் 88 ரூபாய். ஒவ்வொரு எண்ணெய்க்கும் தேவையான காஸ்டிக்கைத் தனித்தனியாகப் போட்டுக் கூட்டினால் 774 கிராம் வரும். அதில் 5 சதவீதம் குறைத்துத்தான் சேர்க்கிறோம். அந்த அளவு எண்ணெய் சோப்பாக மாறாமல் உள்ளே தங்குவதால்தான் தோல் வறளுவதில்லை. காய்ச்சி வடித்த தண்ணீர் காஸ்டிக்கைப் போல் இரண்டு மடங்கு, 1,470 கிராம், 30 ரூபாய்.

வாசனைக்குப் புல்தைலம் 80 கிராம், கிலோ 1,600 வீதம் 128 ரூபாய். யூக்கலிப்டஸ் தைலம் 40 கிராம், கிலோ 1,200 வீதம் 48. இரண்டும் சேர்ந்து 176. புல்தைலத்தை இதற்கு மேல் கூட்ட எனக்கு மனமில்லை. அதில் பெரும்பகுதி சிட்ரால், சிலருக்குத் தோல் எரியும். யூக்கலிப்டஸ் ஆறு வாரத்தில் பாதி பறந்துவிடுகிறது. இருந்தாலும் அதை எடுத்துவிட்டால் புல்வாசனை தட்டையாக இருக்கிறது, ஆகவே வைத்திருக்கிறேன்.

வெட்டிவேர் சோப்பும் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டாராம். அசல் வெட்டிவேர் தைலம் எனக்குச் சொன்ன விலை கிராம் 30 ரூபாய். ஒரு பேட்ச்சுக்கு 40 கிராம் போட்டாலும் 1,200 ரூபாய், ஒரு சோப்புக்கு 21 ரூபாய் அதிலேயே போய்விடும். இதே விலையில் வெட்டிவேரும் தருவோம் என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். செயற்கை வாசனையை ஊற்றி வெட்டிவேர் என்று லேபிள் ஒட்டவும் எனக்குச் சம்மதமில்லை.

ஆகப் பொருள் செலவு மட்டும் 1,646 ரூபாய்.

அச்சுக்கு வருவோம். மூன்று மரப்பெட்டிக்கும் ஆசாரிக்குக் கொடுத்தது 2,700. அறுபது பேட்ச்சுக்கு மேல் தாங்காது. இப்போதே ஒன்றில் பக்கப்பலகை வளைந்து சோப்பு ஒரு ஓரம் தடித்து வருகிறது. பேட்ச்சுக்கு 45 ரூபாய் வைத்தேன். உள்ளே விரிக்கும் பட்டர் பேப்பர் மூன்றுக்கும் 36. தராசு, கை மிக்ஸர், வெட்டும் கம்பி எல்லாம் 3,900, அதையும் அறுபதால் வகுத்தால் 65. பாமாயில் உருக்கும் கேஸும் கையுறையும் 35. இந்தச் சில்லறை எல்லாம் சேர்ந்து 181 ரூபாய்.

கூலியைப் பற்றி நாம் இதுவரை பேசியதே இல்லை. எடை போட்டு, கலக்கி, ஊற்ற நான்கு மணி நேரம். மறுநாள் வெட்டி ஓரம் சீவ ஒன்றரை மணி நேரம். ஆறு வாரத்தில் தட்டில் திருப்பிப் போடுவது எல்லாம் சேர்த்து அரை மணி. உறையிட மூன்று மணி. ஒன்பது மணி நேரம். எட்டு மணி நேரத்துக்கு 600 என்று வைத்தால் 675 ரூபாய். வீட்டில் செய்வதுதானே என்று இதை விட்டுவிட்டால், நாளைக்கு எனக்கு உடம்பு முடியாமல் ஒரு ஆளை வைக்கும்போது எங்கிருந்து கொடுப்போம்?

1,646, 181, 675 மூன்றும் கூட்டினால் 2,502 ரூபாய்.

இந்த 2,502-ஐ எதால் வகுக்கிறோம் என்பதில்தான் நாம் இவ்வளவு நாளும் தப்பு செய்துவந்தோம். அச்சில் இறங்கிய கலவை 7,300 கிராம். சோப்பு 100 கிராம், ஆகவே 73 சோப்பு என்று போன வருடம் நோட்டில் எழுதினோம். அதே முறையில் இந்தச் செலவை வகுத்தால் ஒன்று 34 ரூபாய் 27 காசு வரும். அந்த 73 சோப்பை ஒருநாளும் நான் கண்ணால் பார்த்ததில்லை.

நடப்பது இதுதான். ஊற்றிய கலவையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். தட்டில் இருக்கும் ஆறு வாரத்தில் அதில் நல்ல பாதிக்கு மேல் காற்றோடு போய்விடுகிறது. உலர்ந்த பிறகு 100 கிராம் நிற்க வேண்டுமென்றால் வெட்டும்போது 116 கிராமாக வெட்ட வேண்டும். பெட்டிக்கு 20 வீதம் 60 சோப்பு வெட்டினேன், 6,960 கிராம். மீதி 340 கிராம், இரண்டு முனையின் கோணல் துண்டும் ஓரச் சீவலும். நவம்பர் 3-இல் சராசரி எடை 102 கிராம், அதாவது 12 சதவீதம் குறைந்திருந்தது. ஒன்று விரிசல், ஒன்று மூலை உடைந்தது, ஒன்றை நுரையும் எடையும் பார்க்க நானே வைத்துக்கொண்டேன். விற்க மிஞ்சியது 57.

2,502-ஐ 57-ஆல் வகுத்தால் 43 ரூபாய் 89 காசு. நோட்டு முறையில் வகுத்ததைவிட 9 ரூபாய் 62 காசு கூடுதல். போன வருடம் நன்றாக விற்றும் கையில் ஒன்றும் நிற்கவில்லையே என்று நாம் இரண்டு பேரும் திகைத்தோமே, அந்தப் பணம் இங்கேதான் போயிருக்கிறது. சீவலை உருக்கி மறுபடி ஊற்றலாம், ஆனால் அது நம் வீட்டுக்குத்தான் ஆகும். அதற்கு நான் விலை வைக்கவில்லை.

இந்த 12 சதவீதமும் எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. இது மழை ஈரத்தில் உலர்ந்த பேட்ச். மார்கழி, தை மாதங்களில் கணவாய்க் காற்று வறட்டு வறட்டென்று அடிக்கும்போது 14 சதவீதம் வரை போகிறது. 116 கிராம் சோப்பு 100-க்குக் கீழே இறங்கிவிடும். அதனால்தான் லேபிளில் 95 கிராம் என்று போடச் சொல்கிறேன். 100 என்று அச்சடித்துவிட்டுக் கடையில் யாராவது தராசில் வைத்தால் நமக்குத் தலைகுனிவு, எடை அளவுச் சட்டப்படி குற்றமும்கூட.

உறைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெழுகுத்தாள் 2 ரூபாய், அட்டைப்பெட்டி 4.50, லேபிள் 1.50, வெளிப்பெட்டியில் பங்கு 70 காசு. மொத்தம் 8.70.

லைசென்ஸ், சோதனைக்கூடம், கணக்கர் மூன்றுக்கும் போன வருடம் ஆனது 18,000. வருடத்துக்கு 36 பேட்ச். ஒரு பேட்ச்சுக்கு 500, ஒரு சோப்புக்கு 8.77.

ஆக:

செய்கூலியோடு சோப்பு: 43.89
உறை: 8.70
லைசென்ஸ் வகையறா: 8.77
ஒரு சோப்பின் அடக்கம்: 61 ரூபாய் 36 காசு

65-க்குக் கொடுத்தால் மிஞ்சுவது 3.64. தேங்காயெண்ணெய் கிலோவுக்கு 20 ரூபாய் ஏறினால் சோப்புக்கு 70 காசு ஏறும். இந்த வருடம் அது ஏறிய வேகத்தை நீங்களும் பார்த்தீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நாம் இருப்பது கேரளம், பொள்ளாச்சி தமிழ்நாடு. கோபாலபுரம் தாண்டி நாமே கொண்டுபோய்க் கடையில் இறக்கினால் அது மாநிலம் தாண்டிய விற்பனை. அதற்கு விற்பனை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சோப்புக்கான வரி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது நாம் இந்தப் பேட்ச் ஊற்றிய அதே செப்டம்பர் 22 அன்றுதான், நல்லதுதான். ஆனால் அவர் சொல்லும் 65 வரியோடு சேர்த்து என்றால் நம் கைக்கு வருவது 61.90. அடக்கம் போக 54 காசு. பொருள் வாங்கும்போது கட்டிய வரி கொஞ்சம் திரும்பும், கணக்கருக்கு அதைவிடக் கூடக் கொடுக்க வேண்டியிருக்கும். பஸ்ஸில் பெட்டி ஏற்றும் கூலியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

தேங்காயெண்ணெயைக் குறைத்தால் என்ன என்று கேட்பீர்கள். அதையும் போட்டுப் பார்த்தேன். 500 கிராம் குறைத்துப் பாமாயிலைக் கூட்டினால் சோப்புக்கு 2 ரூபாய் 47 காசு மிச்சம். காஸ்டிக்கும் 735-லிருந்து 716 ஆகக் குறைக்க வேண்டும், பழைய அளவையே போட்டால் சோப்பு கையைக் கடிக்கும். ஆனால் நம் பக்கத்து போர் தண்ணீரில் சோப்பு நுரைப்பதே தேங்காயெண்ணெயால்தான். நுரைக்காத சோப்பை ஒருமுறை வாங்கியவர் மறுபடி வரமாட்டார். நான் மாற்றப் போவதில்லை.

என் கணக்கில் கடைக்கு 75 ரூபாய், மேலே வரி தனி. அட்டையில் அச்சிடும் விலை எல்லா வரியும் சேர்த்து 110. நாம் நேரில் விற்றாலும் அதே 110. கடைக்காரரைவிடக் குறைத்து விற்றால் அவர் நம்மிடம் ஏன் வாங்க வேண்டும்? 75-இல் நமக்கு 13.64 நிற்கும். அதிலிருந்துதான் தட்டில் உலர்ந்துகொண்டிருக்கும் சரக்குக்கும் முதல் போட வேண்டும். எந்த நாளிலும் 270 சோப்பு தட்டில் இருக்கிறது, கிட்டத்தட்ட 12,000 ரூபாய் அசையாமல் கிடக்கிறது.

65-க்கு ஒப்புக்கொண்டது உங்களுக்குச் சங்கடமாக இருக்கும், தெரியும். தங்கை கணக்கு எழுதிக் கொடுத்தாள், அடக்கமே 61-க்கு மேல் வருகிறது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். இந்தக் காகிதத்தையே அவரிடம் காட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. 70 வரை இறங்கலாம், அதுவும் பணத்தை உடனே எண்ணி வைத்தால் மட்டும். கடனுக்கு என்றால் 75-தான்.

இப்போது உறையிட்டுத் தயாராக இருப்பது 57. அக்டோபர் 6 ஊற்றியது 17-ஆம் தேதி எடை போடுவேன், அதில் இன்னொரு 57 தேறும். 200 ஒரே தடவையாக இந்த மாதம் முடியாது. ஜிஎஸ்டி பதிவு கைக்கு வரும்வரை ஒரு பெட்டியும் எல்லை தாண்ட வேண்டாம். அவர் அவசரப்பட்டால் அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள், 57-ஐயும் எடுத்து வைத்திருக்கிறேன்.